அடிச்சதையும் அனுப்பு, தாயி

நான் எழுமலைல இருந்து பேசுறேன். மதுரை மாவட்டம், பேரையூர் தாலுகா. உசிலம்பட்டி பஸ்ல ஏறி வரணும்னு சொன்னா சில பேருக்குத் தெரியும். பி.எட். ரெண்டாவது வருஷம் படிக்கும்போது பள்ளிப் பயிற்சிக்கு எங்க ஊர்ப் பக்கமே ஒரு பள்ளிக்கூடம் கிடைச்சது. அதனால 2023 கடைசில சில மாசம் நான் வீட்லயே இருந்தேன். அந்தச் சில மாசத்துல எங்கப்பாவும் என் தங்கச்சியும் போன்ல கணக்குப் போட்ட கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

எங்கப்பா துபாய்ல ஒரு குடோன்ல ஸ்டோர்கீப்பர். வர்ற பெட்டிய எண்ணி இறக்கணும், போற பெட்டிய எண்ணி ஏத்தணும், பதிவேட்டுல எழுதணும். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவரு. கணக்குன்னா பிடிக்கும். என் தங்கச்சி அப்ப எட்டாவது, அரசுப் பள்ளி. பள்ளிக்கூடத்துல என்எம்எம்எஸ் தேர்வுக்குப் பேர் கொடுத்திருந்தா.

தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். என்எம்எம்எஸ்ங்கிறது எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற உதவித்தொகைக்கான தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். தேர்வானா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது முடியுற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000. தேர்வு ரெண்டு தாள். மனத்திறன் தேர்வுல 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வுல 90 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 90 நிமிஷம். நாலு விடை கொடுத்திருப்பாங்க, ஒரு வட்டத்தைக் கருப்பாக்கணும். தப்பா எழுதினா மார்க் குறைக்க மாட்டாங்க. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

கணக்கை நான் பாத்துக்கிறேன்னு அப்பாதான் சொன்னாரு. நான் வீட்லயே இருக்கேன், பி.எட். கணக்கு வேற படிக்கிறேன், ஆனாலும் அவரு கேட்டாரு. அம்மா கண்ணைக் காமிச்சாங்க, நான் ஒதுங்கிக்கிட்டேன். எனக்கு வந்த வேலை போட்டோ எடுக்கிறது.

இதுல முதல் சிக்கல் போனு. துபாய்ல வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், போட்டோ போகும், கால் போகாது. அங்க இணையம் வழியாப் பேசுறதுக்கு அனுமதி வாங்கின ஆப் இருக்கணும். அதனால பாதி கல்ஃப் குடும்பங்க மாதிரி எங்க வீட்லயும் போட்டிம்தான். போட்டோ வாட்ஸ்அப்ல, பேச்சு போட்டிம்ல. ரெண்டும் அம்மாவோட ஒரே போன்ல. கால் ஓடிக்கிட்டு இருக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பினா கால் தடுமாறும், படம் உறைஞ்சுடும். அப்பாவுக்கும் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான். நம்மளவிட அங்க மணி ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு, கம்பெனி பஸ்ல வந்து, குளிச்சு முடிக்கிறப்ப அவருக்கு ஏழரை, நமக்கு ஒன்பது. ஒரு ரூம்ல ஆறு பேரு. ஒன்பதரைக்கு மேல தங்கச்சிக்குக் கண்ணு சொருகிடும். ஆக மொத்தம் அரை மணி நேரம்.

அதனால ஒரு ஏற்பாடு. ஏழு மணிக்குள்ள அவ இருபது கேள்வி போட்டு முடிக்கணும். ஏழரைக்குள்ள நான் போட்டோ அனுப்பணும். நமக்கு ஏழரைன்னா அங்க ஆறு, அப்பா பஸ்ல ஏறுற நேரம். பஸ்லயே எல்லாத்தையும் பாத்து, அட்டைப்பெட்டில கிழிச்ச ஒரு துண்டுல நம்பரை எழுதி வெச்சுக்குவாரு. ஒன்பது மணிக்குக் கால் வர்றப்ப அந்தத் துண்டு கையில இருக்கும். திருத்தற வேலை கால்ல நடக்காது, அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். கால் வெறும் பேச்சுக்கு மட்டும்.

போட்டோ எடுக்கிறது சின்ன விஷயம்னுதான் தோணும். முதல் வாரம் அப்பா ஒரு கணக்கைத் தப்புன்னு சொல்லிட்டாரு. தங்கச்சி 12.5ன்னு எழுதியிருந்தா. போட்டோல புள்ளியைக் காணோம், அவருக்கு 125ன்னு தெரிஞ்சுது. அவ அழாத குறை. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா அது சைஸைக் குறைச்சுத்தான் அனுப்பும். முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது போதும். கணக்குல தசமப் புள்ளியும் கழித்தல் குறியும்தான் முதல்ல காணாமப் போகும். அதனால படமா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்ப ஆரம்பிச்சோம். அனுப்பி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனா எடுத்தது எடுத்தபடியே போகும்.

அப்புறம் நிழல். எங்க வீட்ல ஒரே ஒரு டியூப்லைட்டு, சுவத்துல. லைட்டுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்தா நம்ம தலை நிழல் நோட்டு மேலயே விழும். நோட்டைத் தரையில வெச்சு, லைட்டுக்கு எதிர்த்தாப்புல நின்னு, போனை நோட்டுக்கு நேரா மேல பிடிக்கணும். சாய்ச்சுப் பிடிச்சா அடி வரி பெருசாவும் மேல் வரி பொடியாவும் வரும். பென்சில் வேண்டாம், நீலப் பேனாவே போதும். ஒரு போட்டோவுக்கு ஒரு பக்கம்தான், ரெண்டு பக்கம் சேத்து எடுத்தா நடு மடிப்புல இருக்கிற எழுத்து போயிரும். கேள்வித்தாள் போட்டோவும் சேத்து அனுப்பணும், ஏன்னா வெறும் விடையை வெச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்திருக்கிற மனுஷன் என்ன பண்ணுவாரு?

முதல் ரெண்டு வாரம் கால் எப்படிப் போகும் தெரியுமா? "மூணு தப்பு, ஏழு தப்பு, பதினொண்ணு தப்பு" அப்படின்னு அப்பா வாசிப்பாரு. இவ உடனே "ஏழு பி-யா? சி-யா?" அப்படின்னு கேப்பா. ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா மிச்சம் மூணுதானே. ரெண்டாவது தடவைல அடிச்சுருவா. அப்பாவும் "ஆங், சரி"ன்னு அடுத்ததுக்குப் போயிருவாரு. பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ரெண்டு பேருக்கும் திருப்தி. ஆனா அடுத்த நாள் அதே மாதிரிக் கேள்வி அதே மாதிரித் தப்பா வரும்.

அப்பா அதைக் கவனிச்சாரு. அட்டைத் துண்டுகளைத் தூக்கிப் போடாம வெச்சிருந்திருக்காரு. நாலு நாள் துண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, லாப நஷ்டக் கணக்கு எல்லாமே தப்பு. அன்னைக்கு அவரு ரெண்டு விஷயம் சொன்னாரு. ஒண்ணு, இனிமே ரஃப் ஒர்க்கும் சேத்துப் போட்டோ வரணும். ரெண்டு, ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு கணக்குதான் பேசுவோம்.

அந்த ரெண்டுல முதல் கணக்கு எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. கேள்வி இதுதான்: ஒருவர் ஒரு பொருளை 20 சதவீத லாபத்தில் 600 ரூபாய்க்கு விற்கிறார் எனில், அதன் அடக்க விலை என்ன? இவ 480ன்னு எழுதியிருந்தா. ரஃப் ஒர்க்ல 600ல 20 சதவீதம் 120, 600ல 120 போனா 480. கூட்டல் கழித்தல்ல ஒரு தப்பும் இல்ல. விடைகள்லயும் 480 இருந்துச்சு. இந்த மாதிரித் தேர்வுல பிள்ளைங்க எங்க வழுக்குவாங்கன்னு தெரிஞ்சுதான் விடைகளை வைப்பாங்க.

அப்பா தப்புன்னு சொல்லல. "கேள்வியைச் சத்தமா வாசி, தாயி"ன்னாரு. வாசிச்சா. அடக்க விலைங்கிற இடத்துல ஒரு வினாடி நின்னுட்டுப் போனா.

"என்ன கேக்குறான்?"

"விலை கேக்குறான்."

"எந்த விலை?"

இவ என்னையப் பாத்தா. நான் கூரையைப் பாத்தேன்.

"அடக்க விலைன்னா என்ன?"

"அடக்கின விலை... குறைச்ச விலை."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஆனா யோசிச்சா அது ஒண்ணும் முட்டாள்தனம் இல்ல. எங்க வீட்ல யாரும் அடக்க விலைன்னு பேசறதில்ல. கடைக்காரங்க "அசல் விலை"ம்பாங்க, எங்கம்மா "வாங்குன வெல"ம்பாங்க. அடக்கம்னா இவளுக்குத் தெரிஞ்சது அடக்கறது, குறைக்கறது. குறைச்ச விலைன்னா என்ன? தள்ளுபடி! மதுரைல ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டிட்டுப் போனா ஒவ்வொரு கடை வாசல்லயும் 20 சதவீதம்னு தொங்கும். 600 ரூபாய்ச் சுடிதார்ல 20 சதவீதம் போனா 480. அது சரியான கணக்குதான். வேற ஒரு கேள்விக்குச் சரியான கணக்கு.

அப்பா விளக்கம் எதுவும் கொடுக்கல. ஒரு சேவலைக் கொண்டு வந்தாரு. "சரி, 480 ரூபாய்க்கு நீ ஒரு சேவல் வாங்குற. 20 சதவீதம் லாபம் வெச்சு விக்கணும். எவ்வளவுக்கு விப்ப?"

இவ எழுதினா. 480ல 20 சதவீதம் 96. ரெண்டும் சேத்து 576.

"கேள்வில எவ்வளவுக்கு வித்தான்?"

"600."

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பா பொறுமையா இருந்தாரு. எனக்குத்தான் வாய் துறுதுறுன்னு இருந்துச்சு. அப்புறம் இவளே, "அப்ப 480 இல்ல"ன்னா.

"20 சதவீதம்னு சொல்றானே, எதுல 20 சதவீதம்?"

"வாங்குன விலைல."

"வாங்குன விலை நமக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதைத்தான் கேக்குறான்."

"அதை 100ன்னு வெச்சுக்க."

100க்கு வாங்கினா 120க்கு விப்பான். 120க்கு வித்தா வாங்கினது 100, அப்ப 600க்கு வித்தா? 600ல 120 அஞ்சு தடவை இருக்கு. அதனால 500. உடனே யாரும் சொல்லாமலே 500ல 20 சதவீதம் 100, மொத்தம் 600னு சரிபாத்துட்டா. அந்த ஒரு கணக்குக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு.

அடுத்த நாள் காலைல அப்பா மூணு கேள்வி எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாரு. ஒண்ணு, 25 சதவீத லாபத்தில் 800 ரூபாய்க்கு விற்றால் அடக்க விலை என்ன. ரெண்டு, குறித்த விலை 800, தள்ளுபடி 25 சதவீதம், விற்ற விலை என்ன. மூணு, 25 சதவீத நஷ்டத்தில் 600 ரூபாய்க்கு விற்றால் அடக்க விலை என்ன. மூணும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். முதல் கேள்விக்கு 640, ரெண்டாவதுக்கு 600, ரெண்டையும் சரியாப் போட்டா. மூணாவதுக்கு முதல்ல 750ன்னு எழுதினா, 600ல 25 சதவீதம் 150, நஷ்டமாச்சே, அதனால கூட்டிட்டா. அப்புறம் திருப்பிப் போட்டுப் பாத்தா. 750ல 25 சதவீதம் போனா 562 ரூபாய் 50 காசு. 600 வரல. அதை அடிச்சுட்டு, 100க்கு வாங்கி 75க்கு விக்கிறான்னு வெச்சு 800ன்னு எழுதினா. அந்த 750ஐ அடிச்ச கோடு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏன்னா அதை யாரும் தப்புன்னு சொல்லல.

எனக்கு இதுல ஒரு ஆச்சரியம். அப்பா கேட்ட கேள்விகளை நான் பி.எட்.ல படிச்சிருக்கேன். ஆன் நியூமன்னு ஒரு ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1977ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க தப்பாப் போட்ட எழுத்துக் கணக்குகளை எடுத்துக்கிட்டு, அந்தப் பிள்ளைங்களையே உக்கார வெச்சு அஞ்சு விஷயம் கேட்டாங்க. கேள்வியை வாசி. என்ன கேக்குறாங்கன்னு சொல்லு. எப்படிப் போடப் போறேன்னு சொல்லு. போட்டுக் காட்டு, போடும்போது பேசிக்கிட்டே போடு. கடைசியா விடையை எழுது. எந்தப் படில பிள்ளை நின்னுச்சோ, தப்பு அங்க இருக்கு. அவங்க பாத்ததுல கிட்டத்தட்ட பாதித் தப்பு, கூட்டிக் கழிக்கிற இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, வாசிக்கிறதுலயும் புரிஞ்சுக்கிறதுலயும் எந்த வழில போடணும்னு தேர்ந்தெடுக்கிறதுலயும் நடந்திருந்துச்சு. நம்ம வீட்டு 480ம் அப்படித்தான். சிவப்பு மையில சுழிச்சுட்டு "கவனமாப் போடு"ன்னு எழுதியிருந்தா, இவ அடுத்த தடவை 120ஐ ரொம்பக் கவனமாக் கழிச்சிருப்பா.

அப்பாவுக்கு நியூமன் யாருன்னு தெரியாது. பஸ்ல கிடைச்ச போட்டோல விடையும் ரஃப் ஒர்க்கும் மட்டும் இருந்துச்சு, புள்ள மனசுல என்ன ஓடுச்சுன்னு அதுல இல்ல. அதைக் கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்? பக்கத்துல உக்காந்திருந்தா நாமெல்லாம் பேனாவைப் பிடுங்கி நாமளே போட்டுக் காட்டிருவோம். நான் கிளாஸ்ல அப்படித்தான் நிறைய ஆசிரியர்களைப் பாக்குறேன். அவருக்குப் பேனா எட்டல.

ஆனா இது எல்லாக் கேள்விக்கும் ஆகாது. மனத்திறன் தாள்ல எண் வரிசை, எழுத்துக் குறியீடு, படத்துல அடுத்து எதுன்னு கேக்கிறது, அதுக்கெல்லாம் வாசி, புரிஞ்சுதான்னு கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அங்க கஷ்டம் நேரம். 90 நிமிஷத்துல 90 கேள்வி. ஒரு கேள்விக்குப் பதினோரு நிமிஷம் பேசுற வைத்தியம் அங்க செல்லாது. அதுக்கு நான் போன்ல டைமர் வெச்சு இருபது நிமிஷத்துக்கு இருபது கேள்வி போட வெச்சேன். அப்பா கணக்கோட நிறுத்திக்கிட்டாரு.

இன்னொண்ணும் பண்ணினாரு. ரெண்டு கேள்வில ஒண்ணு தப்பானதுல இருந்து எடுப்பாரு, ஒண்ணு சரியானதுல இருந்து. முன்னாடி சொன்னேனே, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கன்னு. அதனால பள்ளிக்கூடத்துலயே தெரியாட்டியும் ஏதாவது ஒண்ணைக் கருப்பாக்குன்னு சொல்லித் தர்றாங்க, தேர்வுக்கு அது நல்ல யோசனைதான். நாலுல ஒண்ணு குருட்டாம்போக்குல சரியா வந்துரும், 90க்கு இருபத்திரண்டோ இருபத்திமூணோ அப்படியே கிடைக்கும். ஆனா வீட்ல பயிற்சி பண்றப்ப அது பாக்குறவரை ஏமாத்தும். சரின்னு டிக் வாங்கின கேள்விய யாரும் திரும்பப் பாக்கிறதில்லையே. ஒரு நாள் "பதினாறு எப்படிப் போட்ட?"ன்னு கேட்டாரு. சரியான விடை. ரஃப் ஒர்க் இல்ல. இவ முழிச்சா. அதுக்கப்புறம் தெரியாம அடிச்ச கேள்விக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி வைக்கணும்னு பேசிக்கிட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன்.

ஒரு வாரம் தங்கச்சி நோட்டு ரொம்ப நல்லா வந்துச்சு. இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது, ஒரு நாள் இருபது. போட்டோ எடுக்கிற எனக்கே பெருமையா இருந்துச்சு. மூணாவது நாள் கால்ல அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. முதல்ல போன்தான் நின்னு போச்சுன்னு நெனச்சோம். இது எங்களுக்கு அடிக்கடி நடக்கும். இவ யோசிக்கிறான்னு அவரு காத்திருப்பாரு, அவரு கோவமா இருக்காருன்னு இவ காத்திருப்பா, பாத்தா நெட் போயிருக்கும். அதுக்குன்னே யோசிச்சா பேனாவைத் தூக்கிக் காட்டணும்னு ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். அன்னைக்கு நெட் போகல. அப்பாதான் பேசல.

அப்புறம் சொன்னாரு: "ரொம்பச் சுத்தமா இருக்கே, தாயி."

இவ ஒண்ணும் சொல்லல.

"நான் தினமும் ஐநூறு பெட்டி எண்ணுறேன். அடிக்காம ஒரு பக்கம் எழுதினதில்ல. நீ மூணு நாளா ஒரு எழுத்துகூட அடிக்கலையே?"

நான் நோட்டைப் பாத்தேன். உண்மைதான். ரஃப் ஒர்க் எல்லாம் மேல இருந்து கீழ வரிசையா, ஒரே அழுத்தத்துல, ஒரே மையில இருக்கு. யோசிச்சுப் போட்ட கணக்கு அப்படி இருக்காது. பக்கத்துல குறுக்க ஒரு பெருக்கல் இருக்கும், அடிச்ச ஒரு எண் இருக்கும், இடம் பத்தாம ஓரத்துல எழுதினது இருக்கும். இது பாத்து எழுதின பக்கம். ஸ்கூல் பையைத் தொறந்தா பழைய நோட்டு ஒண்ணு இருந்துச்சு. அதுல முதல்ல போட்டு, பின்னாடி இருக்கிற விடைப் பட்டியலோட சரிபாத்து, தப்பை எல்லாம் திருத்திட்டு, சுத்தமா இன்னொரு நோட்டுல எழுதியிருக்கா. அதைத்தான் நான் போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டு இருந்தேன்.

அம்மா திட்ட ஆரம்பிச்சாங்க. அப்பா "நீ சும்மா இரு"ன்னாரு. "ஏன் தாயி?"ன்னு மட்டும் கேட்டாரு.

ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சொன்னா. "நீங்க நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறீங்க. போன் பண்ணினா என் தப்பைத்தான் பேசுறோம். வேற எதுவும் பேசுறதே இல்ல. தப்பு இல்லேன்னா வேற பேசலாம்னு."

எங்க வீட்ல யாருமே அதை அப்படிப் பாக்கல. அரை மணி நேரம்தான் கிடைக்குதுன்னு அதை முழுசாக் கணக்குக்குக் கொடுத்தோம். அவளுக்கு அந்த அரை மணி நேரம்தான் அப்பா.

அப்பா போனைத் தூக்கிக்கிட்டு ரூமுக்கு வெளிய வந்தாரு, பின்னாடி நடைபாதை தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டல. அப்புறம் "நாளைக்குப் பேசுவோம், தூங்கு"ன்னுட்டு வெச்சுட்டாரு.

மறுநாள் மதியம் அம்மா போனுக்கு ஒரு டாக்குமென்ட் வந்துச்சு. பேருகூட மாத்தல, `IMG`ன்னு ஆரம்பிக்கிற நீள நம்பர். தொறந்தா அவரோட ஸ்டாக் பதிவேட்டுல ஒரு பக்கம். 64ன்னு எழுதி அடிச்சு மேல 46. ஒரு வரியே முழுசா அடிச்சு, பக்கத்துல குட்டியாக் கையெழுத்து. அங்க அது விதி. எழுதினதை அழிக்கக் கூடாது, ஒயிட்னர் போடக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிச்சு, அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியுற மாதிரி விடணும், பக்கத்துல கையெழுத்துப் போடணும். கணக்கு ஒதைச்சா எங்க தப்புச்சுன்னு பின்னாடி தேடணுமே. போட்டோவுக்குக் கீழ அவரு தமிழ்ல டைப் பண்ணியிருந்தாரு: "அடிச்சதையும் அனுப்பு, தாயி. அதை வெச்சுத்தான் நான் தேடணும்."

அன்னைல இருந்து முதல் பத்து நிமிஷம் கணக்கு கிடையாது. பள்ளிக்கூடத்துல யாரு யாரோட சண்டை, ஊர்ல மழை பெஞ்சுதா, அவரு ரூம்ல யாரு சமையல், இதுதான். அப்புறம் ரெண்டு கணக்குக்குப் பதிலா ஒண்ணு. எண்ணிக்கை குறைஞ்சதால ஏதாவது கெட்டுப் போச்சான்னு நான் கணக்குப் பாத்தேன், டீச்சர் புத்தி. லாப நஷ்டமும் தனிவட்டியும் தேறிடுச்சு. பரப்பளவு தேறல. அதுல அவளுக்கு எந்த வாய்பாடு எப்பன்னே தெரியல, போன்ல படம் வரைஞ்சு காட்டவும் வழியில்ல. அதை மட்டும் நான் பக்கத்துல உக்காந்து, அட்டையை வெட்டி ஒட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

தேர்வு எழுதினா. ரெண்டு தாளும் சேத்து 40 சதவீதம் எடுத்தா தகுதி, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு 32. இவ ரெண்டுலயும் அதுக்கு மேலதான். ஆனா தகுதி வேற, தேர்வாகிறது வேற. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 இடம்தான். அதுலயும் மாவட்டவாரியா, இட ஒதுக்கீட்டுப்படி மார்க் வரிசைல எடுப்பாங்க. பட்டியல் வந்தப்ப அவ பேரு அதுல இல்ல. ரெண்டு தடவை தேடினோம். நான்தான் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். அவரு, "பாப்பா சாப்பிட்டாளா?"ன்னு கேட்டாரு. அந்த 48,000க்கு வீட்ல ஏற்கனவே ஒரு திட்டம் இருந்துச்சு, அதைப் பத்தி அன்னைக்கு யாரும் பேசல. எனக்கு வருத்தம்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

ஒன்பதாவது வந்ததும் கால் நின்னுரும்னு நெனச்சேன். நிக்கல. இப்ப அவளே போட்டோ எடுக்குறா, லைட்டுக்கு எதிர்த்தாப்புல நின்னு. இயற்கணிதம் வந்திருக்கு, அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் இருந்தா உள்ள இருக்கிற ரெண்டாவது உறுப்புக்குக் குறி மாத்த மறந்துருவா. நான் கடைசியாப் பாத்த பக்கத்துல ஏழு இடத்துல அடிச்சிருந்தா, எல்லாம் ஒரே ஒரு கோடு, பக்கத்துல குட்டியாக் கையெழுத்து வேற. கீழ வாட்ஸ்அப்ல எழுதியிருந்தா: "அப்பா, மூணும் அஞ்சும் எங்க தப்புன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன். எட்டு மட்டும் தெரியல. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், சீக்கிரம் கால் பண்ணுங்க."